கூட்டல் சரி, பட்டியல் தவறு

நுழையும்முன்

பொருள் வாங்கியதும் கடைக்காரர் தரும் விலைப்பட்டியலைப் பேச்சு வழக்கில் 'பில்' என்கிறோம். அதன் அடியிலுள்ள முழுத்தொகையை ஒருமுறை கூட்டிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுப்பது பலரின் வழக்கம். கூட்டல் சரியாக இருந்தும் பட்டியல் தவறாக இருக்கக்கூடும். அது எவ்வாறு நேர்கிறது, தவற்றை எந்த வரிசையில் தேட வேண்டும் என்பதை ஒரு பட்டியலைக் கொண்டே இப்பாடம் விளக்குகிறது.

மலர்ச்சந்தை ஊரில்

புதுக்கோட்டை மாவட்டம் கீரமங்கலம் பூவுக்குப் பெயர்பெற்ற ஊர். மல்லிகை, முல்லை, கனகாம்பரம், சம்பங்கி எனச் சுற்றுப்புறச் சிற்றூர்களில் பறிக்கப்படும் பூக்கள் காலையிலேயே இவ்வூர்ச் சந்தைக்கு வந்துவிடும். 2018 நவம்பர் 16ஆம் நாள் கரையைக் கடந்த கஜா புயல் இப்பகுதியின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. தோப்பைத் திருத்தி மறுபடியும் பயிர் வைத்தவர்களுக்கு உரம், குழாய், சொட்டுநீர்க் கருவிகள் என்று வாங்க வேண்டியவை பல. வாங்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டியல் உண்டு.

இவ்வூரை அடுத்த சிற்றூரில் மல்லிகை பயிரிடும் உழவர் ஒருவர் இருப்பதாகக் கொள்வோம். அவர் 2025 அக்டோபரில் புதுக்கோட்டையில் உள்ள ஒரு கடையில் நான்கு வகைப் பொருள்களை வாங்குகிறார். கடைக்காரர் கையால் எழுதித் தந்த பட்டியல் இது:

| இனம் | அளவு | விலை (₹) | மதிப்பு (₹) | வரி விகிதம் | வரி (₹) | தொகை (₹) |
|---|---|---|---|---|---|---|
| சொட்டுநீர்ப் பக்கக்குழாய் (10% தள்ளுபடி போக) | 1,200 மீட்டர் | 9.50 | 10,260.00 | 12% | 1,231.20 | 11,491.20 |
| பிவிசி குழாய் | 24 | 485.00 | 11,460.00 | 18% | 2,062.80 | 13,522.80 |
| நீரில் கரையும் உரம் | 4 மூட்டை | 2,450.00 | 9,800.00 | 5% | 490.00 | 10,290.00 |
| மண்வெட்டி | 3 | 320.00 | 960.00 | இல்லை | – | 960.00 |
| மொத்தம் | | | 32,480.00 | | 3,784.00 | 36,264.00 |

உழவர் தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கடைசிப் பத்தியைக் கூட்டுகிறார். 36,264 வருகிறது. பதினோராம் வகுப்பில் படிக்கும் மகள் மதிப்புப் பத்தியையும் வரிப் பத்தியையும் தனித்தனியே கூட்டுகிறாள். 32,480, 3,784 என்று வருகின்றன. இரண்டையும் சேர்த்தால் அதே 36,264.

"கூட்டல் சரியாத்தான் இருக்கு, ஆத்தா. பணத்தைக் கட்டிரலாம்" என்கிறார் தந்தை.

"கூட்டல் சரிதான் அப்பா. கூட்டுன எண்ணெல்லாம் சரியான்னு இன்னும் பாக்கலையே" என்கிறாள் மகள்.

அவள் சொன்னதில்தான் இப்பாடத்தின் பொருள் அடங்கியுள்ளது. மேலிருந்து கீழாகவும் இடமிருந்து வலமாகவும் கூட்டி இரண்டும் ஒத்துப்போவதைப் பார்ப்பது நல்ல சோதனையே. ஆயினும் எழுதப்பட்ட எண்கள் சரியாகக் கூட்டப்பட்டுள்ளன என்பதை மட்டுமே அது காட்டும். எழுதப்பட்ட எண்ணே பிழையானதாக இருந்தால், அந்தப் பிழையும் முறையாகக் கூட்டப்பட்டு முழுத்தொகையில் போய்ச் சேர்ந்துவிடும். ஆகவே பட்டியலைச் சரிபார்ப்பவர் முழுத்தொகையில் தொடங்கலாகாது. முதல் இனத்தில் தொடங்கி முழுத்தொகையில் முடிக்க வேண்டும்.

முதற்படி: ஒவ்வோர் இனத்தையும் பெருக்குதல்

அளவையும் விலையையும் பெருக்கி, தள்ளுபடி இருந்தால் கழித்து, கிடைக்கும் மதிப்பு பட்டியலில் உள்ளதோடு ஒத்திருக்கிறதா என்று பார்ப்பதே முதற்படி.

பக்கக்குழாய் 1,200 மீட்டர். மீட்டர் ₹9.50 வீதம் ₹11,400. அதில் பத்தில் ஒரு பங்கு ₹1,140 தள்ளுபடி. மீதம் ₹10,260. பட்டியலில் உள்ளதும் அதுவே.

பிவிசி குழாய் 24. ஒன்று ₹485. இதை மனத்திலேயே பெருக்கலாம். ஒன்று ₹500 எனக் கொண்டால் 24 குழாய்க்கு ₹12,000. ஒவ்வொன்றுக்கும் ₹15 கூடுதலாகக் கொண்டதால் 24 × 15 = 360ஐக் கழிக்க வேண்டும். விடை ₹11,640. பட்டியலிலோ ₹11,460 என்று உள்ளது. குறைவு ₹180.

இங்கே சற்று நிற்க வேண்டும். 180 என்னும் வேறுபாடு 9ஆல் மீதியின்றி வகுபடுகிறது. கணக்கு எழுதுவோர் நெடுங்காலமாக அறிந்த அடையாளம் இது. அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால், வேறுபாடு எப்போதும் 9ஆல் வகுபடும். காரணம் எளியது. பத்தாம் இடத்தில் இருக்க வேண்டிய இலக்கம் ஒன்றாம் இடத்துக்கு வந்தால், அதன் மதிப்பு பத்து மடங்கிலிருந்து ஒரு மடங்காகக் குறைகிறது. அவ்வாறே மற்ற இலக்கம் ஒரு மடங்கிலிருந்து பத்து மடங்காகக் கூடுகிறது. ஆகவே மாற்றம் ஒன்பது மடங்காகவே அமையும். நம் பட்டியலில் நூறாம் இடத்து 6உம் பத்தாம் இடத்து 4உம் இடம் மாறியுள்ளன. 6க்கும் 4க்கும் வேறுபாடு 2. அதன் ஒன்பது மடங்கு 18. இடமதிப்பு பத்து என்பதால் 180.

இந்த அடையாளத்துக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு சுழியம் கூடியோ குறைந்தோ எழுதப்பட்டாலும் வேறுபாடு 9ஆல் வகுபடும். 1,000 என்பதை 100 என எழுதினால் வேறுபாடு 900. தற்செயலாகவும் ஒரு வேறுபாடு 9ஆல் வகுபடலாம். ஆகையால் இது எங்கே தேடலாம் என்று காட்டும் கைகாட்டி மட்டுமே, தீர்ப்பு ஆகாது. பெருக்கிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

வேறு வகைப் பிழை வேறு தடத்தை விடும். தள்ளுபடியைக் கழிப்பதற்கு மாறாகக் கூட்டிவிட்டால், வேறுபாடு தள்ளுபடியைப்போல் இரு மடங்காக இருக்கும். பக்கக்குழாயில் அவ்வாறு நேர்ந்திருந்தால் மதிப்பு ₹12,540 ஆகியிருக்கும். சரியான மதிப்போடு வேறுபாடு ₹2,280. அதில் பாதி ₹1,140. அத்தொகை பட்டியலில் எங்குள்ளது என்று தேடினால் பிழையின் இருப்பிடம் தெரிந்துவிடும்.

உரமும் மண்வெட்டியும் பெருக்கலில் சரியாக உள்ளன.

இரண்டாம் படி: வரி விகிதத்தைப் பார்த்தல்

இந்தியாவில் 2017 சூலை 1 முதல் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறையில் உள்ளது. இதைச் சுருக்கமாக ஜிஎஸ்டி என்கிறோம். விற்பவரும் வாங்குபவரும் ஒரே மாநிலத்தில் இருந்தால் இவ்வரி இரு சம பாகங்களாகப் பிரியும். ஒரு பாதி மத்திய அரசுக்கு (சிஜிஎஸ்டி), மறு பாதி மாநில அரசுக்கு (எஸ்ஜிஎஸ்டி). பொருள் வேறு மாநிலத்திலிருந்து விற்கப்பட்டால் பிரிவு இல்லாமல் ஒருங்கிணைந்த வரியாக (ஐஜிஎஸ்டி) எழுதப்படும். விற்பவரின் பதினைந்து எழுத்துகள் கொண்ட ஜிஎஸ்டி எண்ணில் முதலிரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும். தமிழ்நாட்டின் எண் 33. புதுக்கோட்டைக் கடையின் எண் 33 எனத் தொடங்கினால், கீரமங்கலத்துக்காரருக்கு அளிக்கும் பட்டியலில் இரு பாதிகளும் சமமாக இருக்க வேண்டும். ஒரு பாதி கூடியும் மறு பாதி குறைந்தும் இருந்தால் அங்கேயே பிழை உண்டு.

வரியைக் கணக்கிடும்முன் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, வரி எந்தத் தொகையின்மேல் போடப்படுகிறது என்பது. பட்டியலிலேயே காட்டப்பட்ட தள்ளுபடியைக் கழித்த பின்னுள்ள மதிப்பின்மேல்தான் வரி வரும். அதுவே வரிக்குரிய மதிப்பு. பக்கக்குழாய்க்கு ₹11,400இன் மேல் அன்று, ₹10,260இன் மேல்தான் வரி. மாறாக, மூட்டை கட்டும் கூலி போன்றவற்றை விற்பவர் பட்டியலில் சேர்த்தால் அவை மதிப்போடு கூடும்.

மற்றொன்று, எந்த விகிதம் என்பது. இங்கேதான் நம் பட்டியலின் பெரிய பிழை இருக்கிறது. சொட்டுநீர்ப் பாசனக் கருவிகளுக்கும் அவற்றின் பக்கக்குழாய்களுக்கும் முன்பு 12 விழுக்காடு வரி இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. கடைக்காரரின் கை பழைய விகிதத்திலேயே பழகியிருந்ததால் அக்டோபர்ப் பட்டியலிலும் 12 என்றே எழுதிவிட்டார். 10,260இன் 12 விழுக்காடு 1,231.20 என்பதில் கணக்குப் பிழை ஏதும் இல்லை. விகிதமே தவறு. 5 விழுக்காடு எனில் வரி ₹513 மட்டுமே. கூடுதலாக எழுதப்பட்டது ₹718.20.

மற்ற மூன்றின் விகிதங்கள் சரியே. பிவிசி குழாய்க்கு 18 விழுக்காடு. உரத்துக்கு 5 விழுக்காடு. கையால் பயன்படுத்தும் உழவுக் கருவியான மண்வெட்டிக்கு வரி இல்லை. குழாய் என்னும் பொதுப்பெயரைக் கொண்டு பக்கக்குழாயையும் பிவிசி குழாயையும் ஒரே விகிதத்தில் எழுதிவிடும் தவறும் நேர்வதுண்டு. எனவே பொருளின் பெயரோடு அதன் வகைப்பாட்டு எண்ணையும் (எச்எஸ்என் எண்) பார்ப்பது நல்லது. சொட்டுநீர்க் கருவிகள் 8424 என்னும் தலைப்பிலும் நெகிழிக் குழாய்கள் 3917 என்னும் தலைப்பிலும் வரும்.

> தெரியுமா?
>
> தமிழில் பின்னங்களுக்குத் தனிப்பெயர்கள் வழங்கின. காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரம் இத்தகைய கணக்குகளைக் கூறும் நூலாகும். இருபதில் ஒரு பங்கு 'மா' எனப்பட்டது. நாற்பதில் ஒரு பங்கு 'அரைமா'. இன்றைய 5 விழுக்காடு என்பது ஒரு மாவே. அதன் பாதியான 2.5 விழுக்காடு அரைமா. 18 விழுக்காட்டையும் இவ்வழியில் எளிதாகக் காணலாம். நாலுமா, அதாவது ஐந்தில் ஒரு பங்கு எடுத்து, அதில் பத்தில் ஒரு பங்கைக் கழித்தால் போதும். 11,640இல் ஐந்தில் ஒரு பங்கு 2,328. அதன் பத்தில் ஒரு பங்கு 232.80. கழித்தால் 2,095.20. கருவி ஏதுமின்றித் திண்ணையில் அமர்ந்தே வரியைச் சரிபார்க்கலாம்.

மூன்றாம் படி: விகிதவாரியாகத் தொகுத்தல்

இனங்களைத் திருத்திய பின் ஒரே விகிதமுடையவற்றை ஒன்றாகச் சேர்க்க வேண்டும். பட்டியல் நீளமாக இருக்கும்போது வரியைச் சரிபார்க்க இதுவே குறுக்குவழி. நாற்பது இனங்கள் இருந்தாலும் விகிதங்கள் மூன்று எனில் மூன்று கணக்குகள் போதும்.

5 விழுக்காடு: பக்கக்குழாய் 10,260, உரம் 9,800. சேர்ந்து ₹20,060. வரி ₹1,003. மத்திய, மாநிலப் பங்குகள் தலா ₹501.50.

18 விழுக்காடு: பிவிசி குழாய் ₹11,640. வரி ₹2,095.20. பங்குகள் தலா ₹1,047.60.

வரி இல்லாதது: மண்வெட்டி ₹960.

மதிப்புகளின் மொத்தம் ₹32,660. வரியின் மொத்தம் ₹3,098.20. இரண்டும் சேர்ந்து ₹35,758.20.

ஒவ்வோர் இனத்துக்கும் தனியே வரி கண்டு பைசாவை முழுமையாக்கிக் கூட்டினால், தொகுத்துக் கண்ட வரியோடு சில பைசா வேறுபடலாம். அது பிழையன்று. வேறுபாடு ரூபாய்க்கணக்கில் வந்தால்தான் தேட வேண்டும்.

நான்காம் படி: முழுத்தொகை

பட்டியலின் அடியில் பைசாவை நீக்கி முழு ரூபாயாக்குவது வழக்கம். ஐம்பது பைசாவுக்குக் குறைந்தால் விட்டுவிடுவர்; ஐம்பதும் அதற்கு மேலும் எனில் ஒரு ரூபாயாகக் கொள்வர். நம் கணக்கில் 20 பைசா நீங்கி ₹35,758 ஆகிறது. இவ்வாறு முழுமையாக்கும்போது கூடுவதோ குறைவதோ ஐம்பது பைசாவைத் தாண்ட வழியில்லை. அவ்விடத்தில் மூன்று ரூபாய், ஏழு ரூபாய் என்று இருந்தால், பொருந்தாத ஒரு கணக்கைப் பொருத்துவதற்காக அந்த வரி பயன்பட்டிருக்கிறது என்று பொருள்.

இப்போது இரு முழுத்தொகைகளையும் ஒப்பிடுவோம். எழுதப்பட்டது ₹36,264. சரியானது, முழுமையாக்கும்முன், ₹35,758.20. வேறுபாடு ₹505.80. இந்த ஒரே எண்ணை வைத்துக்கொண்டு பிழையைத் தேடியிருந்தால் கிடைத்திருக்காது. ஏனெனில் அது ஒரு பிழையின் அளவன்று. எதிரெதிர்த் திசையில் அமைந்த இரு பிழைகளின் மிச்சம். விகிதப் பிழையால் ₹718.20 கூடியது. இலக்கம் இடம் மாறியதால் மதிப்பில் ₹180, அதற்குரிய வரியில் ₹32.40, ஆக ₹212.40 குறைந்தது. ஒன்று மற்றொன்றின் ஒரு பகுதியை மறைத்துவிட்டது. இரண்டும் சம அளவில் இருந்திருந்தால் முழுத்தொகை முற்றிலும் சரியாகவே தோன்றியிருக்கும். அடியிலிருந்து தொடங்காமல் இனத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

₹718.20 சிறு தொகையா? மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதித் திட்டத்தில் 2025–26ஆம் ஆண்டு தமிழ்நாட்டுக்கு உரிய ஒருநாள் ஊதியம் ₹336. அந்த ஊதியத்தில் இரண்டு நாள் உழைப்புக்கும் மேற்பட்டது இத்தொகை. வணிகர் ஒருவர் பதிவு பெற்றவராக இருந்தால், தாம் வாங்கும்போது செலுத்திய வரியைத் தாம் விற்கும்போது செலுத்த வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள முடியும். பூவுக்கும் தேங்காய்க்கும் வரி இல்லை. ஆகவே உழவருக்கு அவ்வாறு கழித்துக்கொள்ள வழியில்லை. பட்டியலில் தவறாகக் கூடிய வரி முழுவதும் அவர் கையிலிருந்தே போகிறது.

திருத்தம் கேட்கும் முறை

மகள் தாளில் இரண்டு வரிகள் எழுதித் தந்தையிடம் தருகிறாள். முதல் வரி, பக்கக்குழாய்: 12 அன்று 5; கூடுதல் ₹718.20. இரண்டாம் வரி, பிவிசி குழாய்: 11,460 அன்று 11,640; வரியோடு குறைவு ₹212.40.

"ரெண்டாவது நமக்குத்தானே லாபம்? அதையும் சொல்லணுமா?" என்று தந்தை கேட்கிறார்.

"சொல்லணும் அப்பா. நாம பாத்தது பில்லு சரியான்னு" என்கிறாள் மகள்.

நேர்மை ஒருபுறம் இருக்க, நடைமுறைக் காரணமும் ஒன்றுண்டு. கடைக்காரர் முதற்பிழையைத் திருத்த அமரும்போது முழுப் பட்டியலையும் மீண்டும் கணக்கிடுவார். அப்போது இரண்டாம் பிழை தானே வெளிப்படும். முன்பே சொன்னவரின் கணக்கை அவர் நம்புவார். மறைத்தவரின் கணக்கை ஐயுறுவார்.

பட்டியலில் அடித்தும் மேலெழுதியும் திருத்துவது முறையன்று. கூடுதலாகப் பெறப்பட்ட வரிக்கு விற்பவர் வரவுக் குறிப்பு (கிரெடிட் நோட்) தர வேண்டும். குறைவாக எழுதப்பட்டதற்குப் பற்றுக் குறிப்பு (டெபிட் நோட்) தர வேண்டும். இரண்டிலும் மூலப் பட்டியலின் எண்ணும் நாளும் குறிக்கப்பட வேண்டும். பட்டியலோடு அவற்றையும் சேர்த்து வைத்தால், பின்னொரு நாள் பார்ப்பவருக்கும் ₹36,264 எவ்வாறு ₹35,758 ஆயிற்று என்பது விளங்கும்.

கணக்கு காட்டாதது

இவ்வளவும் தாளில் உள்ளவற்றைச் சரிபார்ப்பதே. தாளுக்கும் பொருளுக்கும் உள்ள வேறுபாட்டை எந்தப் பெருக்கலும் காட்டாது. 1,200 மீட்டர் பக்கக்குழாய் என்பது 400 மீட்டர்ச் சுருள்கள் மூன்று எனில், வண்டியிலிருந்து இறங்கியவை மூன்றா, இரண்டா? ஒவ்வொரு சுருளிலும் அச்சிடப்பட்டுள்ள நீளம் 400தானா? பேசிய விலை ₹9.50தானா? இவற்றைப் பொருள் இறங்கும்போதே எண்ணிப் பட்டியலின் ஓரத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். வந்து சேராத சுருளுக்கும் பட்டியலில் கணக்கு மிகச் சரியாகவே இருக்கும்.

மறுநாள் காலை உழவர் பூக்கூடையோடு கீரமங்கலம் சந்தைக்குச் செல்கிறார். எடையும் விலையும் எழுதிய சீட்டைப் பெற்றுக்கொண்டதும், அடியில் உள்ள தொகையைப் பார்க்கும்முன் முதல் வரியில் விரலை வைக்கிறார்.

சொற்பொருள்

இனம் – பட்டியலில் ஒரு வரியில் எழுதப்படும் பொருள்
வரிக்குரிய மதிப்பு – தள்ளுபடி போக, வரி கணக்கிடப்படும் தொகை
பக்கக்குழாய் – பயிர் வரிசையோடு செல்லும் சொட்டுநீர்க் குழாய்
வரவுக் குறிப்பு – கூடுதலாக எழுதிய தொகையைக் குறைத்து விற்பவர் தரும் சீட்டு
பற்றுக் குறிப்பு – குறைவாக எழுதிய தொகையைக் கூட்டி விற்பவர் தரும் சீட்டு

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டில் அண்மையில் பெற்ற ஒரு விலைப்பட்டியலை எடுத்து, இனவாரியாகப் பெருக்கி, விகிதவாரியாகத் தொகுத்து முழுத்தொகையைக் காண்க.
2. 38 பொருள்கள், ஒன்று ₹275 வீதம் ₹10,540 எனப் பட்டியலில் உள்ளது. பிழையைக் கண்டறிந்து அதன் வகையைக் கூறுக. 10 விழுக்காடு தள்ளுபடியும் 18 விழுக்காடு வரியும் எனில் சரியான முழுத்தொகை யாது?

குறுவினா

1. இலக்கங்கள் இடம் மாறியதை எந்த அடையாளத்தால் ஐயுறலாம்?
2. தள்ளுபடி உள்ள பொருளுக்கு வரி எத்தொகையின்மேல் கணக்கிடப்படும்?

சிறுவினா

முழுமையாக்கும் வரியில் ₹3 என்று இருந்தால் நீங்கள் என்ன கருதுவீர்? காரணம் தருக.

நெடுவினா

கூட்டல் சரியாக இருந்தும் பட்டியல் தவறாக இருக்கக்கூடும் என்பதைப் பாடத்திலுள்ள பட்டியலைக் கொண்டு விளக்குக.